"சீன தேசம் சென்றேனும் சீர்கல்வி தேடு" நபிமொழியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் பள்ளிக்கூடச் சுவரிலும் மதரஸா ஆண்டுவிழா நோட்டீஸிலும் "சீன தேசம் சென்றேனும் சீர்கல்வி தேடு" என்று எழுதி, கீழே நபிமொழி என்று போடுகிறார்கள். அது ஸஹீஹான, அதாவது ஆதாரம் உறுதியான, ஹதீஸ்தானா?

இல்லை. நபி (ஸல்) அவர்கள் இப்படிச் சொன்னார்கள் என்பதற்கு ஏற்கத்தக்க அறிவிப்பாளர் தொடர் ஒன்றுகூட இல்லை. ஹதீஸ் கலை அறிஞர்களுள் மென்மையாகப் பேசியவர்கள் இதனைப் பலவீனமானது என்றார்கள்; கடுமையாகப் பேசியவர்கள் அடிப்படையே அற்றது என்றார்கள். இவ்விரு தரப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு உண்மையானது. அதைப் பின்னர் விளக்குகிறேன். ஆயினும் இதனை ஸஹீஹ் என்று சொன்னவர்களாக இத்துறையின் முற்கால இமாம்கள் எவரும் இல்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஹஜ்ரத் இதைக் கிதாபில் பார்த்திருப்பதாகச் சொன்னார். அப்படியானால் எந்த நூலிலும் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

அவர் பார்த்தது உண்மையாகவே இருக்கும். புகாரீ, முஸ்லிம், அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ, இப்னு மாஜா ஆகிய ஆறு முதன்மை ஹதீஸ் நூல்களிலும் சீனம் பற்றிய இந்தச் சொற்றொடர் இல்லை. ஆனால் வேறு பல நூல்களில் இருக்கிறது. ஹிஜ்ரி 322இல் காலமான உகைலீ, 365இல் காலமான இப்னு அதீ, 458இல் காலமான பைஹகீ, 463இல் காலமான கதீப் அல்பக்தாதீ ஆகியோரின் நூல்களில் முழுத் தொடருடன் அது பதிவாகியுள்ளது.

ஒரு நூலில் இருப்பது என்பதையும், அது அந்த நூலில் ஏன் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உகைலீயின் நூலுக்கு அல்லுஅஃபா, அதாவது பலவீனமானவர்கள், என்று பெயர். இப்னு அதீயின் அல்காமில் என்ற நூலும் குறை கூறப்பட்ட அறிவிப்பாளர்களைப் பற்றியதுதான். ஓர் அறிவிப்பாளரின் பெயரை எழுதி, அவர் நம்பத்தகாதவர் என்பதற்குச் சான்றாக அவர் அறிவித்த ஒன்றிரண்டு ஹதீஸ்களை அவர்கள் கீழே தருவார்கள். சீனம் பற்றிய ஹதீஸ் அந்த இரு நூல்களிலும் இடம்பெற்றது அந்த வகையில்தான். குற்றச்சாட்டின் சான்றாக வைக்கப்பட்ட ஒன்றை, "இப்னு அதீ அறிவித்துள்ளார்" என்று மேடையில் ஆதாரமாகக் கூறுவது அந்த இமாமின் நோக்கத்துக்கு நேர்மாறானது. பேசுபவர் வேண்டுமென்றே செய்வதில்லை; நூலின் பெயரைக் கேட்டவுடன் மனம் நிறைவடைந்து, பக்கத்தைத் திறந்து பார்க்காமல் விட்டுவிடுவதால் நேர்வது அது.

அந்த அறிவிப்பாளர் தொடரில் யார்மீது குறை? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

தொடர் இப்படி அமைந்திருக்கிறது: ஹஸன் பின் அதிய்யா என்பவர் அபூ ஆத்திகா என்பவரிடமிருந்தும், அபூ ஆத்திகா அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்களிடமிருந்தும், அனஸ் (ரலி) நபி (ஸல்) அவர்களிடமிருந்தும் அறிவிப்பதாக வருகிறது. அனஸ் (ரலி) நபித்தோழர். அவரைப் பற்றி விசாரிக்கத் தேவையில்லை. ஹஸன் பின் அதிய்யாவைப் பற்றி அபூஹாத்திம் உண்மையாளர் என்றே கூறியிருக்கிறார். எனவே, நம்முடைய பார்வை முழுவதும் நடுவில் இருக்கும் அபூ ஆத்திகாவின்மீதே விழுகிறது. அவருடைய இயற்பெயர் தரீஃப். தந்தை பெயரைச் சிலர் சுலைமான் என்றும் சிலர் சல்மான் என்றும் எழுதுவர்.

அவரைப் பற்றி இமாம் புகாரீ "முன்கருல் ஹதீஸ்", அதாவது மறுக்கத்தக்க ஹதீஸ்களை அறிவிப்பவர், என்று கூறினார். இச்சொல்லை மற்றவர்கள் சற்று இலகுவாகக் கையாண்டிருக்கலாம். ஆனால், தாம் யாரைப் பற்றி அவ்வாறு கூறினாரோ அவரிடமிருந்து அறிவிப்பதே ஆகாது என்று புகாரீ கருதியதாக அவரிடமிருந்தே அறிவிக்கப்பட்டுள்ளது. அபூஹாத்திம் அபூ ஆத்திகாவின் ஹதீஸ் கைவிட்டுப் போனது என்ற பொருளில் பேசினார். நம்பகமானவர் அல்லர் என்று நஸாயீ கூறினார். அனஸ் (ரலி) அவர்களின் ஹதீஸ்களோடு ஒத்துப்போகாதவற்றை அவர் பெயரால் அறிவிப்பவர் என்பது இப்னு ஹிப்பானின் கருத்து. ஹதீஸைப் புனைபவர் என அறியப்பட்டவர்களின் வரிசையிலேயே சுலைமானீ அவரைச் சேர்த்துவிட்டார். பிற்காலத்தவரான இப்னு ஹஜர், "பலவீனமானவர், சுலைமானீ அவர் விஷயத்தில் மிகைப்படுத்திவிட்டார்" என்று எழுதி, அந்தக் கடுமையைச் சற்றுக் குறைத்தார். இப்படிக் குறைத்துச் சொன்னவரும் அவரை நம்பகமானவராக ஆக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அரபு நூல்கள் எட்டாதவர்களும் இதனை ஓரளவு தாமே சரிபார்க்க ஒரு வழி உண்டு. திர்மிதீயின் தொகுப்பில் நோன்பு பற்றிய பகுதியை எடுத்து, நோன்பாளி சுர்மா இடுவது பற்றிய பாடத்தைத் திறந்து பாருங்கள். ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, "என் கண்ணில் நோவு, நோன்போடு சுர்மா இடலாமா?" என்று கேட்டார், "ஆம்" என்றார்கள் என்பது அங்குள்ள ஹதீஸ். அதை அனஸ் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிப்பவர் இதே அபூ ஆத்திகாதான். உடனே கீழே திர்மிதீ தம் தீர்ப்பை எழுதியிருக்கிறார்: இதன் தொடர் வலுவானதன்று, இந்தப் பாடத்தில் நபி (ஸல்) அவர்களிடமிருந்து எதுவும் ஸஹீஹாக இல்லை, அபூ ஆத்திகா பலவீனமானவராகக் கருதப்படுகிறார். சீனத்துக்கும் கல்விக்கும் தொடர்பில்லாத ஓர் இடத்தில், வேறொரு விஷயத்தைப் பேசும்போது வழங்கப்பட்ட தீர்ப்பு இது. சீன ஹதீஸின்மீது கோபம் கொண்டு எவரும் இவரைக் குறைகூறவில்லை என்பது இதனால் தெளிவாகிறது.

ஒரே ஒரு தொடர்தானா? வேறு வழியாகவும் வந்திருப்பதாகப் படித்தேனே.

வேறு இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, இப்னு அப்தில் பர் கல்வியின் சிறப்பு குறித்து எழுதிய நூலில் வருகிறது: சுஃப்யான் பின் உயைனா, ஸுஹ்ரீயிடமிருந்தும், ஸுஹ்ரீ அனஸ் (ரலி) அவர்களிடமிருந்தும் அறிவிப்பதாக. மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிட ஒளி மிகுந்த தொடர் வேறில்லை. ஸுஹ்ரீயும் இப்னு உயைனாவும், இமாம்கள் புகாரீயும் முஸ்லிமும் தம் தொகுப்புகளில் சார்ந்து நின்ற மலைகள். ஆனால், இந்தத் தொடரின் கீழ்முனையில் யஅகூப் பின் இஸ்ஹாக் அல்அஸ்கலானீ என்பவர் இருக்கிறார். அவரைப் பொய்யர் என்று தஹபீ தெளிவாகவே எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் ஹதீஸ் அறிஞர்கள் யோசிக்கும் முறையை அறிந்துகொள்வது பயன் தரும். இப்னு உயைனாவிடம் பாடம் கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்லர். ஹுமைதீ, அஹ்மத் பின் ஹன்பல், அலீ பின் அல்மதீனீ போன்ற பெரும் நினைவாளர்கள் அவருடைய மாணவர்கள். ஸுஹ்ரீ, அனஸ் (ரலி) வழியாக இப்படியொரு ஹதீஸை அவர் உண்மையிலேயே அறிவித்திருந்தால், அது அவர்களுள் எவருடைய ஏட்டிலேனும் இருந்தாக வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படிச் சொல்வதானால், ரங்கூன் கிட்டங்கியில் முதலாளி எல்லோர் முன்னிலையிலும் சொன்னதாக ஒரு பேச்சு. உடனிருந்த மேலாளுக்கும் தெரியாது, அடுத்தாளுக்கும் தெரியாது, பேரேட்டிலும் குறிப்பில்லை. நாணயம் கெட்டவன் என்று பெயரெடுத்த ஒருவன் பல ஆண்டுகள் கழித்து வந்து அதைச் சொல்கிறான் என்றால் எந்தச் செட்டியாரும் அதை நம்பிப் பணத்தை எண்ணி வைக்க மாட்டார். பெரிய பெயர்கள் நிறைந்த தொடர் என்பதனாலேயே நம்பிக்கை கூடுவதில்லை. அந்தப் பெரியவர்களின் நெருங்கிய மாணவர்கள் எங்கே என்று கேட்க வேண்டும், அவர்கள் இல்லாதபோது ஐயமே கூட வேண்டும்.

மற்றொரு வழி அபூஹுரைரா (ரலி) அவர்கள் பெயரால் வருகிறது. அதில் அஹ்மத் பின் அப்துல்லாஹ் அல்ஜுவைபாரீ இருக்கிறார். ஹதீஸ்களைப் புனைந்தவர்களுள் அவர் பெயர் பெற்றவர் என்பதால் இதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை.

பலவீனமான ஹதீஸ் பல வழிகளில் வந்தால் ஒன்றையொன்று வலுப்படுத்தி, ஸஹீஹுக்கு அடுத்த, ஏற்கத்தக்க ஹஸன் தரத்துக்கு உயரும் என்று மதரஸாவில் படித்திருக்கிறோம். இங்கே மூன்று வழிகள் இருக்கின்றனவே?

படித்தது சரிதான், அந்த விதி எல்லாப் பலவீனத்துக்கும் பொருந்தாது என்பதுதான் அங்கேயே கற்பிக்கப்படும் மறுபாதி. அறிவிப்பாளர் நேர்மையானவராக இருந்து நினைவாற்றல் மட்டும் குறைவாக இருந்தால், அதே செய்தியை அவரைச் சாராத மற்றொருவரும் அறிவிக்கும்போது, முன்னவர் பிழையாக நினைவுகூரவில்லை என்று நமக்கு உறுதி பிறக்கிறது. பொய் சொன்னதாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் அறிவிப்பு அந்த உறுதியைத் தராது. ஏனெனில், ஊரில் ஏற்கெனவே உலவும் ஒரு வாசகத்தை எடுத்து அவர் வேறொரு தொடரை அதற்குப் பூட்டியிருக்கவும் கூடும். இங்கே இரண்டாவது, மூன்றாவது வழிகள் இரண்டுமே அத்தகையவை. அவற்றை நீக்கினால் அபூ ஆத்திகா மட்டுமே மிஞ்சுகிறார். ஆகவேதான் உகைலீ, "சீனம் சென்றாயினும்" என்ற பகுதி அபூ ஆத்திகாவிடமிருந்து மட்டுமே அறியப்படுகிறது, அவரோ கைவிடப்பட்டவர் என்று எழுதினார்.

அறிஞர்களுக்கு இடையே கருத்து வேறுபாடு உண்டு என்றீர்களே, அது என்ன?

இப்னு ஹிப்பான் இதனை பாத்தில், அடிப்படையற்றது என்றார். ஹிஜ்ரி 597இல் காலமான இப்னுல் ஜவ்ஸீ, இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களுக்கென்றே தொகுத்த நூலில் இதனைச் சேர்த்தார். அண்மைக் காலத்தில் அல்பானீயும் பாத்தில் என்றே தீர்ப்பளித்தார். மறுபுறம் பைஹகீ, இதன் வாசகம் புகழ்பெற்றது, தொடர் பலவீனமானது, பல வழிகளில் வந்தும் எல்லாமே பலவீனமானவை என்று எழுதினார். 911இல் காலமான சுயூத்தீ, இப்னுல் ஜவ்ஸீயின் தீர்ப்பை மறுபரிசீலனை செய்து எழுதிய நூலில் பிற வழிகளையும் எடுத்துக்காட்டி, இட்டுக்கட்டப்பட்டது என்ற நிலையிலிருந்து இதனை மேலே தூக்க முயன்றார்.

எனக்கு இப்னு ஹிப்பானின் பக்கமே வலுவாகத் தெரிகிறது. சுயூத்தீ எடுத்துக்காட்டிய வழிகள் மேலே நாம் பார்த்தவையே என்பதால், அவை தூணாக நிற்கும் வலிமை பெற்றவை அல்ல. எனினும், பைஹகீயின் சொல்லை ஏற்று "மிகப் பலவீனமானது" என்பதோடு ஒருவர் நிறுத்திக்கொண்டால் அவரைக் குறைகூறவும் இடமில்லை. பைஹகீ கூறியதில் "புகழ்பெற்றது" என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவதுதான் தவறு. மக்களிடையே புகழ்பெறுதல் வேறு, நிரூபணமாதல் வேறு என்பதற்காகவே ஸகாவீ போன்றோர் நாவில் புழங்கும் ஹதீஸ்களுக்கென்று தனி நூல்கள் எழுதினார்கள்.

அந்த ஹதீஸின் பிற்பகுதியில் "கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின்மீதும் கடமை" என்று வருகிறதே, அதுவும் போய்விட்டதா?

போகவில்லை, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த வாசகம் சீனத்தின் துணையின்றித் தனியாகவே பல தொடர்களில் வந்திருக்கிறது. இப்னு மாஜாவில் அனஸ் (ரலி) வழியாக 224ஆம் எண்ணில் அது உள்ளது. அங்கே தொடரில் ஹஃப்ஸ் பின் சுலைமான் என்ற பலவீனமானவர் இருப்பதால் அந்த ஒரு வழியை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. உகைலீயும் இப்பகுதியின் அறிவிப்புகளில் நெகிழ்வு உண்டு என்றே கூறினார். ஆனால் இதன் வழிகள் பல. அவற்றின் பலவீனம் எல்லா இடத்திலும் பொய்யர்களால் வந்ததன்று. அதனால் ஹதீஸ் அறிஞர் மிஸ்ஸீ, இவ்வழிகள் அனைத்தும் சேர்ந்து ஹஸன் தரத்தை எட்டுகின்றன என்று கருதினார். பிற்காலத்தவர் பலர் அதனை ஏற்றுக்கொண்டனர். "ஒவ்வொரு முஸ்லிமான ஆண், பெண்மீதும்" என்று மேடைகளில் சேர்த்துச் சொல்லப்படும் "பெண்" என்ற கூடுதல் சொல் அந்த வழிகளில் இல்லை. "முஸ்லிம்" என்பதிலேயே பெண்களும் அடங்குவர் என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள்.

மிஸ்ஸீயின் கூற்றை எடுத்துச் சீனம் பற்றிய பகுதிக்கும் பொருத்திவிடுவது இந்த விஷயத்தில் மிகப் பரவலாக நடக்கும் பிழை. "மிஸ்ஸீ ஹஸன் என்றார்" என்று யாரேனும் கூறினால், எந்தப் பாதியை என்று கேளுங்கள்.

இமாம் கஸ்ஸாலீ இஹ்யாவில் எழுதியிருக்கிறாரே. அவரைவிட நமக்குத் தெரியுமா?

கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் அறிவுக்கு முன் நாம் யாருமல்லர். ஆனால், இஹ்யா ஹதீஸ்களைத் தரம் பிரிக்க எழுதப்பட்ட நூலன்று. அதிலுள்ள ஹதீஸ்களுக்குத் தரம் கூறும் பணியை 806இல் காலமான ஹாஃபிழ் இராகீ தனியாகச் செய்தார். இந்த ஹதீஸ் வந்த இடத்தில் இப்னு அதீ, பைஹகீ ஆகியோரைக் குறிப்பிட்டு, வாசகம் புகழ்பெற்றது, தொடர்கள் பலவீனமானவை என்ற பைஹகீயின் தீர்ப்பையே அவர் எழுதிவைத்தார். இஹ்யாவின் பல அரபுப் பதிப்புகளில் அது அடிக்குறிப்பாகவே அச்சாகிறது. மேல்வரியைப் படிப்பவர் கீழ்வரியையும் படித்துவிட வேண்டும்.

கருத்து நல்லதுதானே? நபி (ஸல்) சொல்லியிருக்க முடியாதது எதுவும் இதில் இல்லையே?

கருத்து நல்லது. கொண்டுவிற்கக் கடல் கடந்த குடும்பங்கள் நிறைந்த இந்தச் சீமையில் அது எல்லார் நெஞ்சிலும் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. ஆயினும், "சொல்லியிருக்கலாம்" என்பது "சொன்னார்கள்" ஆகாது. தம்மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவர் நரகில் தம் இடத்தைத் தயார்செய்துகொள்ளட்டும் என்ற எச்சரிக்கை புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது; பொய்யென்று கருதப்படும் செய்தியைத் தம்மிடமிருந்து அறிவிப்பவரும் பொய்யர்களுள் ஒருவர் என்ற எச்சரிக்கை முஸ்லிமின் முன்னுரையில் உள்ளது. அவ்விரண்டிலும் கருத்து நல்லதாக இருந்தால் பரவாயில்லை என்ற விலக்கு இல்லை.

சிறப்புகளைப் பற்றிய விஷயத்தில் பலவீனமான ஹதீஸைச் சொல்லலாம் என்று சட்டம் இருக்கிறதே?

பல அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். அதற்கு இப்னு ஹஜர் விதித்த நிபந்தனைகளை அவருடைய மாணவர் ஸகாவீ பதிவு செய்துள்ளார்: பலவீனம் கடுமையானதாக இருக்கக் கூடாது, ஏற்கெனவே நிலைபெற்ற ஒரு பொது அடிப்படைக்குள் அது அடங்க வேண்டும், நபி (ஸல்) அவர்கள் சொன்னது உறுதி என்று நம்பிக்கொண்டு செயல்படக் கூடாது. கல்வியின் சிறப்பு என்ற பொது அடிப்படை இருப்பதால் இரண்டாவது நிறைவேறுகிறது. முதலாவது நிறைவேறவில்லை. மூன்றாவதோ, சுவரில் "நபிமொழி" என்று எழுதும்போதே உடைந்துவிடுகிறது.

நானே செல்பேசியில் சரிபார்க்க வழி உண்டா?

அரபு தட்டச்சு செய்யத் தெரிந்தால் `dorar.net` தளத்தின் ஹதீஸ் தேடலில் வாசகத்தை இட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு முடிவின் கீழும் அறிவிப்பாளர், தீர்ப்பளித்த அறிஞர், நூல், தீர்ப்பின் சுருக்கம் ஆகிய விவரங்கள் வரும். அதில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவதாக, நூலின் பெயரை மட்டும் பார்த்து நிற்காமல் தீர்ப்பின் சுருக்கத்தைப் படியுங்கள். இரண்டாவதாக, அந்தத் தீர்ப்பு சீனம் உள்ள வாசகத்துக்கா, "கடமை" என்ற வாசகத்துக்கா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். தேடலில் இரண்டும் கலந்தே வரும். ஒருவரிச் சுருக்கம் காரணத்தைச் சொல்லாது. காரணம் வேண்டுமானால் அறிவிப்பாளர் வரலாற்று நூலைத் திறக்கத்தான் வேண்டும், அல்லது ஓதிய ஆலிம் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

நான் தேவகோட்டைப் பக்கம் ஆசிரியை, முஸ்லிம் அல்ல. பிள்ளைகள் மீதுள்ள பிரியத்தில் வகுப்புப் பலகையில் இதை நபிகள் நாயகம் பெயரோடு எழுதினேன். அழித்துவிட வேண்டுமா?

வாசகத்தை அழிக்க வேண்டியதில்லை, அம்மா. கீழே உள்ள பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள். "சீன தேசம் சென்றேனும் சீர்கல்வி தேடு" என்பது தமிழ்நாட்டில் வழங்கும் ஒரு நல்ல சொல்லாக அங்கேயே இருக்கட்டும். நாயகத்தின் பெயரோடு ஒன்று வேண்டும் என்று விரும்பினால், இமாம் முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பில் 2699ஆம் எண்ணில் உள்ளதை எழுதலாம்: "கல்வியைத் தேடி ஒருவர் ஒரு வழியில் நடந்தால், அதன் மூலம் சொர்க்கத்துக்குச் செல்லும் வழியை அல்லாஹ் அவருக்கு எளிதாக்குகிறான்."

பேச்சுப் போட்டிக்கு மகன் தயாராகிறான். "தூர தேசம் போய்ப் படிக்க வேண்டும்" என்பதற்கு ஆதாரமான சம்பவம் ஏதாவது தருவீர்களா?

ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் பயணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே ஒரு ஹதீஸுக்காக அவர் அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களை நோக்கி ஒரு மாதப் பயணம் சென்றார் என்று புகாரீ தம் ஸஹீஹில் கல்விப் பகுதியில், கல்வி தேடிப் புறப்படுதல் என்ற பாடத்தில் குறிப்பிடுகிறார். அங்கே தொடரின்றிச் சுருக்கமாக வருவதை, அல்அதபுல் முஃப்ரத் என்ற நூலில் தொடருடன் விரிவாகத் தருகிறார்: ஜாபிர் (ரலி) ஓர் ஒட்டகத்தை வாங்கி, அதன்மேல் சேணம் பூட்டி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் தேசத்தை அடைந்து, அந்தத் தோழரின் வாசலில் நின்று ஆளனுப்பினார், அவர் வெளியே வந்து தழுவிக்கொண்டதும் தாம் வந்த காரணத்தைச் சொன்னார். "நான் கேட்டிராத ஒரு ஹதீஸ் உங்களிடம் இருப்பதாக அறிந்தேன், அதைக் கேட்குமுன் நான் இறந்துவிடுவேனோ, நீங்கள் இறந்துவிடுவீர்களோ என்று அஞ்சினேன்" என்பது அவர் சொன்னதன் கருத்து. இதை நபித்தோழர் ஒருவரின் செயல் என்று சொல்ல வேண்டும், நபிமொழி என்று அல்ல; புகாரீயின் இரு நூல்களின் பெயரையும் மகன் சேர்த்தே சொல்லட்டும். ஐந்து நிமிடப் பேச்சில் இந்தச் சம்பவத்துக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும்.